மணி அடிக்காத பாடம்

பதினோரு வருடமாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு திங்கட்கிழமை செய்தித்தாளில் ஆள் கேட்டிருந்தார்கள். வேதியியல் துறைக்கு உதவிப் பேராசிரியர், நிரந்தரப் பணியிடம், ஒன்று. கீழே எங்கள் கல்லூரியின் பெயர். அதைத் துறை அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தேன். பின்னங்காலில் ஒன்று குட்டை என்பதால் செங்கல் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்த நாற்காலி. படித்து முடித்ததும் நாற்காலியின் கால் செங்கல்லை விட்டு விலகியது. நாற்காலி ஆடியதா, நான் ஆடினேனா என்று இன்றுவரை தெரியாது.

கர்நாடகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு 'அதிதி உபன்யாசகர்' என்று பெயர். உபன்யாசகர் என்றால் விரிவுரையாளர், அதிதி என்றால் விருந்தாளி. பதினோரு வருடம் தங்கிய விருந்தாளி. எந்த வீடாக இருந்தாலும் இந்நேரம் பாயைச் சுருட்டி வாசலில் வைத்திருப்பார்கள். கல்லூரி பொறுமையாக இருந்தது. இப்போது விளம்பரம் கொடுத்துச் சுருட்டியது. நிரந்தர ஆள் வந்து சேர்ந்த அன்று விருந்தாளியின் பாடவேளைகள் எல்லாம் அவருக்குப் போய்விடும். எனக்கு நாற்பத்தேழு வயது. முனைவர் பட்டத்தையே நாற்பத்தைந்தில்தான் வாங்கினேன். நேர்முகத்தில் தேறினால் அந்த நாற்காலி எனக்கு. இல்லையென்றால் செங்கல்லோடு வெளியே.

பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்க வேலைக்கு நீங்களே அப்ளிகேசன் போடணுமா?"

"ஆமா."

"அப்ப பதினோரு வருசமா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

இதைவிடக் கடினமான கேள்வியைத் தேர்வுக் குழுவில் யாரும் கேட்கப்போவதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் மனம் கொஞ்சம் தேறியது.

நேர்முக நாள் காலையில் குளித்து, சட்டை போட்டு, பையில் சான்றிதழ்களின் அசல் ஒரு கட்டு, நகல் மூன்று கட்டு, பென்டிரைவ் இரண்டு, அந்த இரண்டும் வேலை செய்யாவிட்டால் என்று மூன்றாவது ஒன்று, சாக்பீஸ் ஒரு பெட்டி என அடுக்கினேன். கல்லூரியில் சாக்பீஸ் கிடைக்காதா என்று கேட்காதீர்கள். கிடைக்கும். அந்தப் பெட்டியை அங்கிருந்துதான் எடுத்து வந்திருந்தேன். வாசலைத் தாண்டும்போது மனைவி கூப்பிட்டாள்.

"இன்னாங்க, சட்டைய உள்வெளியா போட்டுகினு கீறீங்க."

கழற்றித் திருப்பிப் போட்டேன். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டேன். அதையும் அவளே சரிசெய்தாள். "சபையில எதுவும் பேசாதீங்க. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. ஜோக்கு அடிக்காதீங்க" என்றாள். மூன்றுக்கும் தலையாட்டினேன். அன்று மாலைக்குள் மூன்றையும் மீறினேன். ஆனால் ஜோக்கு அடித்தது மட்டும் வேண்டுமென்றே செய்ததல்ல.

கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்த்தார்கள். எனக்குப் பதினோரு வருடமாகத் தெரிந்த எழுத்தர், என் முகத்தையும் விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கதானா?" என்று கேட்டார். விதி அப்படி. "இன்னும் நானேதான்" என்றேன்.

மொத்தம் ஐந்து பேர். காத்திருக்கச் சொன்ன இடம் வேதியியல் துறை அறை. உள்ளே போனால் என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பெங்களூரிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியவர். மடியில் கோப்பு. அதன் மேலே அவருடைய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். தலைகீழாகத் தெரிந்தாலும் எண்ணிவிட்டேன். மனிதன் பயத்தில் எதையும் எண்ணுவான். என் பட்டியலைப் போல நான்கு மடங்கு நீளம்.

அவர் லேசாக ஆடிவிட்டுக் கீழே பார்த்தார். "சார், இந்தச் சேர் ஆடுது."

"செங்கல் விலகியிருக்கும்மா. கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்று குனிந்து, செங்கல்லை நகர்த்தி, அவருக்காக நாற்காலியைச் சரிசெய்துகொடுத்தேன். நிமிரும்போது எங்கள் கடைநிலை ஊழியர் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாரிகுப்பத்துக்காரர், கல்லூரியில் எந்த அறையில் என்ன நடந்தாலும் முதலில் அவருக்குத் தெரியும்.

"இன்னா சார்," என்று என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார், "உங்க சேர்ல அவங்கள உக்கார வெச்சி செங்கல்லு வேற அடை குடுக்கிறீங்க. இன்னா கலியாணமா பண்ணி அனுப்பப் போறீங்க?"

"ஆடினா விழுந்துடுவாங்களேப்பா."

"வுழட்டுமே!" என்றார் அவர். எனக்காக அன்று கல்லூரியில் உண்மையாகக் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

பாடம் நடத்திக் காட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். அரை மணி நேரத்துக்கு முன் ஒரு பெட்டியிலிருந்து சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் உள்ள தலைப்பில் பதினைந்து நிமிடம், முதலாண்டு பி.எஸ்சி. மாணவர்களுக்கு நடத்துவதுபோல் நடத்த வேண்டும். மாணவர்கள் இருக்க மாட்டார்கள். குழுவினரே பெஞ்சில் உட்கார்ந்து மாணவர்களாக இருப்பார்கள். பதினைந்து நிமிடம் முடிந்ததும் மேசை மணி அடிக்கும். நிறுத்த வேண்டும். அதன் பிறகு அதே அறையில் பத்து நிமிடம் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். மதியத்துக்கு மேல் முதல்வர் அறையில் கேள்விகள்.

நான் நான்காவது ஆள். எடுத்த சீட்டில் 'வேதிச் சமநிலை' என்று இருந்தது. வருடா வருடம் நடத்தும் பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆனால் எழுப்பாமலே விழித்திருந்த அந்த அரை மணியில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ஆய்வகத்தின் பின்பக்க ஜன்னலருகே நின்று பார்த்தேன். எதிரே சயனைடு மேடு. சுரங்கத்திலிருந்து எடுத்த பாறையைப் பொடியாக்கி, சயனைடால் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மணல், மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதைப் பார்த்து, "சமநிலை என்றால் என்ன?" என்று கேட்டேன். காற்றில் கொஞ்சம் மணல் பறந்து கண்ணில் விழுந்தது.

வராந்தாவில் நின்றபோது எனக்கு முன்னால் போனவர்களின் மணி ஒவ்வொன்றாகக் கேட்டது. 'டிங்.' அந்தப் பெண் மூன்றாவது. அவருடைய மணி அடித்தபோது அவர் பேச்சும் அதே நொடியில் நின்றது. வாக்கியம் முடிந்து, முற்றுப்புள்ளியின் மேல் மணி விழுந்ததுபோல.

உள்ளே போனேன். முன் பெஞ்சில் நிர்வாகக் குழுத் தலைவர். பஜாரில் பரம்பரையாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர். அவருக்குப் பக்கத்தில் முதல்வரும் எங்கள் துறைத் தலைவரும். துறைத் தலைவர் என்னைவிட ஆறு வயது இளையவர். தினமும் என் டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாய் எடுப்பவர். அன்று என்னை முன்பின் பார்த்தே அறியாதவர்போல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பெஞ்சில் பாட வல்லுநர்கள் இருவர்: பேசாத ஓர் ஆண், கண்ணாடி போட்ட ஓர் அம்மையார். கடைசி பெஞ்சில், தனியாக, பல்கலைக்கழகப் பிரதிநிதி. நரைத்த தலை, கோலார்ப் பக்கத்துக் கன்னடக்காரர், மூத்த பேராசிரியர். மணி அவர் முன்னால் இருந்தது.

நான் வகுப்பு நடத்தும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதனால்தான் கெட்டது. எங்கள் ஊர் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள், கன்னடப் பிள்ளைகள், பூதிகோட்டைப் பக்கமிருந்து வரும் தெலுங்குப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. அதனால் வரையறையை ஆங்கிலத்தில் சொல்வேன். விளக்கத்தைத் தமிழில் சொல்வேன். திட்டுவதைக் கன்னடத்தில் வைத்துக்கொள்வேன். கன்னடத்தில் திட்டினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. இந்த மூன்றையும் நான் யோசித்துச் செய்வதில்லை. வாய் தானாகத் தடம் மாறும்.

குழுவின் முன் ஆங்கிலத்தில் மட்டும் பேச வேண்டும் என்று எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். முதல் இரண்டு நிமிடம் பேசினேன். முன்னோக்கி ஒரு வினை, பின்னோக்கி ஒரு வினை, இரண்டும் ஒரே வேகத்தில். பலகையில் அம்புக்குறி போட்டேன். சாக்பீஸ் முறிந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் முறிந்தது. அப்போது பயம் உச்சிக்கு ஏற, மூளை பின்வாங்கி, வாய் மட்டும் பழைய தடத்துக்குத் திரும்பியது.

"இத இப்டி பாருங்க," என்று தமிழில் ஆரம்பித்தேன். "ஷிப்ட் மாறுற நேரம். சுரங்க ஷாப்ட்ல ஆளுங்கள ஏத்திகினு ஒரு கேஜ் கீழ எறங்குது, இன்னொரு கேஜ் மேல ஏறுது. நூறு பேர் உள்ள போறான், நூறு பேர் வெளிய வரான். உள்ள இருக்கிறவன எண்ணிப் பாத்தா எப்பவும் ஒரே கணக்கு. ஆனா யாரும் சும்மா நிக்கல. அதான் சமநிலை. நிக்குற மாதிரி தெரியும், ஆனா ரெண்டு பக்கமும் ஓடிகினே இருக்கும்."

சொல்லிக்கொண்டே திரும்பினால், கடைசி பெஞ்சில் ஒருவன் தலையைக் குனிந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எவ்வளவு நல்ல உதாரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! எனக்கு ரத்தம் ஏறியது. பதினோரு வருடம் என் தொண்டையிலிருந்து தானாக வெளியே வந்தது:

"ஏய்! லாஸ்ட் பெஞ்ச்! மொபைல் ஒளகெ இடோ!"

அந்த 'இடோ' என்பது நம்முடைய 'வைடா'. மொபைலை உள்ளே வைடா. மூத்த பேராசிரியரிடம். பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியிடம்.

துறைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல்வர் கையிலிருந்த பேனாவின் மூடி உருண்டு பெஞ்சுக்கு அடியில் போனது, யாரும் எடுக்கவில்லை. பிரதிநிதி என்னைப் பார்த்தார். பிறகு மொபைலைச் சட்டைப் பைக்குள் வைத்து, இரண்டு கையையும் பெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல பையன்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டேனா? இல்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அதுவும் எந்த மொழியில் வருமோ என்று பயந்து பாடத்தைத் தொடர்ந்தேன். மணி அடித்துவிட்டால் ஓடிவிடலாம். அது ஒன்றுதான் என் திட்டம். பாடத்தின் அடுத்த பகுதியைச் சொன்னேன், மணி இல்லை. அதற்கடுத்ததைச் சொன்னேன், மணி இல்லை. தயாரித்து வைத்ததெல்லாம் தீர்ந்தது. அழுத்தம் தீர்ந்தது, வெப்பநிலை தீர்ந்தது, என் எச்சில் தீர்ந்தது. மணி மட்டும் அடிக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு பிரதிநிதி என்னைப் பார்த்தபடி இருந்தார். மற்றவர்கள் அவர் பொறுப்பென்று சும்மா இருந்தார்கள்.

வகுப்பில் பாடம் முடிந்தும் நேரம் மிஞ்சினால் நான் ஒன்று செய்வேன். முன் பெஞ்சிலிருந்து ஒருவனைப் பலகைக்குக் கூப்பிடுவேன். அதையும் செய்தேன். நிர்வாகக் குழுத் தலைவரைப் பார்த்து, "நீங்க வாங்க" என்றேன். இம்முறை 'ங்க' போட்டுக் கூப்பிட்டேன் என்பதை என் நிதானத்துக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பாத்திரக் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். நான் சாக்பீஸை நீட்டினேன்.

"இப்ப வினையூக்கின்னு ஒண்ணு சேக்குறோம். கேஜோட இஞ்சின் பெருசா போட்ட மாதிரி. இப்ப இன்னா ஆகும்? உள்ள இருக்கிற ஆளு கூடுவானா, கொறைவானா?"

அவர் பலகையைப் பார்த்தார். இரண்டு அம்புக்குறியையும் விரலால் தொட்டார். "ஒரு கேஜ் மட்டும் வேகமா போவாது, சார். ரெண்டும் ஒரே கயித்துல. கீழ போறவனும் சீக்கிரம் போவான், மேல வர்றவனும் சீக்கிரம் வருவான். உள்ள கணக்கு அதேதான்."

"அதேதான்!" என்று கத்தினேன். "சமநிலைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். சமநிலை மாறாது."

அவர் முகத்தில் சந்தோஷம். சரியான விடை சொன்ன பையனுக்கு வழக்கமாகச் செய்வதுபோல் முதுகில் தட்டப் போனேன். கையைப் பாதியில் பிடித்து நிறுத்தினேன். அன்று நான் அடக்கிக்கொண்ட ஒரே செயல் அதுதான்.

கடைசியில் முதல்வர்தான் இருமினார். "போதும். ஆய்வைப் பற்றிப் பேசுங்கள்."

ஆய்வுப் பேச்சு ஒழுங்காகப் போனது. அதுதான் சந்தேகப்பட வேண்டியது. எங்கள் பக்கத்தில் ராகி உமிக்குப் பஞ்சமில்லை. அந்த உமியைக் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, அதனால் தண்ணீரில் கலந்த ஆர்சனிக்கைப் பிடித்து வைக்க முடியுமா என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வகத்தில் வாலைவடிநீரில் ஆர்சனிக்கைக் கலந்து செய்த சோதனைகளில் கரி அருமையாக வேலை செய்தது. வளைகோடுகள் எல்லாம் மேலே ஏறி அழகாகப் படுத்துக்கொண்டன. அவற்றைக் காட்டினேன். 'நன்றி' என்று எழுதிய ஸ்லைடைக் காட்டினேன். கும்பிட்டேன்.

நன்றிக்குப் பின்னால் இரண்டு ஸ்லைடு இருந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

மதியம் வராந்தாவில் ஊழியர் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தார். கதை அதற்குள் அவருக்குப் போய்விட்டிருந்தது.

"யுனிவர்சிட்டி பெரியவர பாத்து 'இடோ'ன்னீங்களாமே சார்?"

"ஆமா."

"போர்டு தலைவர எழுப்பி போர்டுல எழுத வெச்சீங்களாம்."

"ஆமாப்பா."

அவர் "டீ குடிங்க சார்" என்றார். செத்த வீட்டில் அந்தக் குரலில்தான் சொல்வார்கள். டம்ளரில் பாதி என் பேண்ட்டில் கொட்டியது. நல்லவேளை, கறுப்புப் பேண்ட்.

அந்தப் பெண் துறை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், பொட்டுக்கடலை சாப்பிடறீங்களா? நான் நெர்வஸா இருந்தா இதைத்தான் சாப்பிடுவேன்." கை நிறையக் கொடுத்தார். அவரை வெறுக்க வேண்டுமென்று காலையிலிருந்து முயற்சி செய்துகொண்டிருந்தேன். பொட்டுக்கடலை வாயில் இருக்கும்போது அது முடியவில்லை.

முதல்வர் அறையில் எல்லாரும் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பேசாத வல்லுநர் முதல்முறையாகப் பேசி, என் கட்டுரைகள் ஏன் குறைவு என்று கேட்டார். வாரம் முழுவதும் வகுப்பு, மாலையில் டியூஷன், ஆய்வுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றேன். உண்மைதான், ஆனால் சொல்லும்போது லீவு லெட்டர் மாதிரி இருந்தது. அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு கண்ணாடி அம்மையார் கேட்டார். "உங்க ஸ்லைடு கீழே எண் போட்டிருந்தீங்க. 'நன்றி' ஸ்லைடில் இருபத்திரண்டு பார் இருபத்துநாலுன்னு இருந்தது. மிச்சம் ரெண்டு என்ன?"

ஸ்லைடு எண்! அழகாக இருக்கிறது என்று நானே இரவெல்லாம் உட்கார்ந்து போட்ட எண். என் தலைக்குள் மூன்று பொய்கள் வரிசையில் வந்து நின்றன. மேற்கோள் நூல் பட்டியல் மேடம். கூடுதல் படங்கள் மேடம். முந்தைய பேச்சின் மிச்சம் மேடம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நிஜ போர்வெல் தண்ணியில செஞ்ச சோதனை மேடம். ஓடல."

"எவ்வளவு ஓடலை?"

"ஆய்வகத்துல பிடிச்சதுல பாதிகூட பிடிக்கல. போர் தண்ணியில பாஸ்பேட்டு, மத்த உப்பு எல்லாம் இருக்குது. கரியில ஆர்சனிக் உக்கார வேண்டிய எடத்துல அதுங்க வந்து உக்காந்துக்குது. ஒரே நாற்காலிக்கு அஞ்சு பேர் போட்டி மாதிரி, மேடம்."

நான் ஜோக்கு அடிக்கவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும்தான் எங்கே உட்கார்ந்து சொல்கிறேன் என்று உறைத்தது. பாத்திரக் கடைக்காரர் சிரித்தேவிட்டார். அம்மையார் சிரிக்கவில்லை.

"அதை ஏன் காலையில் காட்டலை?"

"எனக்கு இந்த வேலை வேணும் மேடம்."

குரல் உடைந்தது. நடிப்பென்று நினைத்திருப்பார்களோ என்று இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓடாததும் முடிவுதான். ஏன் ஓடலைன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. உங்க ஆய்வில் அடுத்து செய்ய வேண்டிய வேலை அங்கேதான் இருக்கு. அதைப் போய் நன்றிக்குப் பின்னால் ஒளிச்சு வச்சிருக்கீங்க." பாராட்டா, குட்டா என்று புரியவில்லை. எழுதிக்கொண்டார்.

கடைசியாகப் பல்கலைக்கழகப் பிரதிநிதி. கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார். "காலையில் நான் மொபைலில் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியுமா?"

"தெரியாது சார். தப்பாயிடுச்சு சார். கை கூப்பி மன்னிப்புக் கேட்டுக்கிறேன் சார்."

"நேரம். அந்த அறையில் சுவர்க் கடிகாரம் ஓடவில்லை. உங்கள் பதினைந்து நிமிடத்தை மொபைலில் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வைக்கச் சொன்னீர்கள். வைத்துவிட்டேன்."

ஆக, என் மணியை நானே அவர் சட்டைப் பைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

"அப்புறம் எடுத்திருக்கலாமே சார்..." என்று இழுத்தேன்.

"ஆசிரியர் உள்ளே வைக்கச் சொன்ன பிறகு எப்படி எடுப்பது?" என்றார் அவர், முகத்தில் எதையும் காட்டாமல். "இருபத்தேழு நிமிடம் பேசினீர்கள். பின்னால் முதல்வரின் கைக்கடிகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மற்ற நால்வரும் பதினைந்தில் முடித்தார்கள். நேரத்தைக் காப்பதும் ஆசிரியர் வேலைதான். போகலாம்."

வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் வாழும்போது அது சுருக்கமாக இல்லை. பத்து நாளில் அறிவிப்புப் பலகையில் பட்டியல் வந்தது. தேர்வானவர்: பொட்டுக்கடலை கொடுத்த பெண். காத்திருப்போர் பட்டியல், முதலிடம்: நான். முதலிடம் என்ற சொல்லை அவ்வளவு கேவலமான இடத்தில் நான் பார்த்ததில்லை. சேருவதற்கு அவருக்கு ஒரு மாத அவகாசம். பருவம் முடிந்ததால் என் பாடவேளைகளும் முடிந்தன. துறைத் தலைவர் என் மேசையைக் காலி செய்யச் சொல்ல மூன்று முறை வந்து, மூன்று முறையும் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். நானே காலி செய்தேன். செங்கல்லை மட்டும் விட்டுவிட்டேன். அது நாற்காலியுடையது.

வீட்டில் இருந்தேன். அந்த ஒரு மாதத்தில் நான் செய்த காரியங்களில் சொல்லக்கூடியவை இரண்டு. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் போய், பத்தாம் வகுப்புக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அங்கே பொறுப்பில் இருந்தவன் என் பழைய மாணவன். "சார், நீங்களா? இன்னா சார்!" என்று எழுந்து நின்றுவிட்டான். அவனுக்கு இருந்த கூச்சத்தைப் பார்த்து, சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது, தினமும் மாலை மனைவி கேட்காத ஒரு கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது. ஒரு நாள் மட்டும், சோறு போடும்போது, "நெசமாவே அந்தப் பாத்திரக் கடைக்காரர எழுப்பி போர்டுல எழுத வெச்சீங்களா?" என்றாள். சொன்னேன். கரண்டியோடு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது போன் வந்தது. ஊழியர்.

"சார், அந்தம்மா வரலியாம். பெங்களூர்லயே வேற எடத்துல கெடச்சிடுச்சாம். லெட்டரு வந்து கீது. ஆபீஸ்ல இன்னும் யாருக்கும் சொல்லல. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். அழுவாதீங்க சார்."

நான் அழவில்லை. தும்மினேன். சயனைடு மேட்டுக் காற்று.

இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. என்னைவிடச் சிறந்த ஒருவருக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடைத்ததால். பிறகு அந்தப் பெண்ணே ஒரு செய்தி அனுப்பியிருந்தார். 'சார், அந்தச் சேர்ல பேலன்ஸ் பண்ண உங்களால மட்டும்தான் முடியும்.' நன்றி என்று பதில் போட்டேன். அந்த நன்றிக்குப் பின்னால் எதையும் ஒளிக்கவில்லை.

நிரந்தர ஆசிரியனாக முதல் வகுப்பு. அதே அறை. சுவர்க் கடிகாரம் இன்னும் ஓடவில்லை. சமநிலையை நடத்திக்கொண்டிருந்தேன், கேஜ் கீழே போய்க்கொண்டிருந்தது. திரும்பினால் கடைசி பெஞ்சில் ஒருவன் தலையைக் குனிந்து மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'ஏய்' என்பது பாதி தூரம் வந்து தொண்டையில் மாட்டிக்கொண்டது. வகுப்பே என்னைப் பார்த்தது.

"நேரம் பாக்கிறியா?" என்று கேட்டேன்.

அவன் பயந்து எழுந்தான். "ஆமா சார்."

"எவ்வளவு இருக்குது?"

"இன்னும் அரை மணி சார்."

வகுப்பு முழுவதும் பெருமூச்சு விட்டது. "சரி, வெளியவே வச்சுக்க," என்றேன். "முடியிறப்ப சொல்லு."